பயன்படுத்தாத பரிசு அட்டையில் பணம் எங்கே?

கல்யாணத்துக்கு வந்த 2,000 ரூபாய் பரிசு அட்டையை பில் கவுன்டரில் நீட்டினால், “பேலன்ஸ் ஜீரோ காட்டுது சார்” என்கிறார் கேஷியர். உறையை விட்டு எடுத்ததே இன்றுதான். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவர் திரையில் தெரிவது மீதித் தொகை மட்டும்தான்.

அட்டையை வெளியிட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்க வேண்டியது, அட்டையின் வரவு செலவு விவரம். அதில் வரவே இல்லையென்றால், வாங்கியபோது ஆக்டிவேட் ஆகவில்லை. கடையில் தொங்கும் அட்டை வெறும் பிளாஸ்டிக். பில் போடும்போது ஆக்டிவேட் செய்தால்தான் அதில் பணம் ஏறும். இதற்கு அட்டை தந்தவரிடம் உள்ள பில் வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பில்லும் அட்டை எண்ணும் இருந்தால் சரிசெய்வது எளிது.

2,000 வரவாகி, பிறகு செலவாகியிருந்தால் விஷயம் வேறு. எண்ணையும் பின்னையும் யாரோ முன்பே பார்த்து, ஆன்லைனில் பொருள் வாங்கியிருக்கலாம். பின் மீதுள்ள சுரண்டும் பூச்சு கலைந்தோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டியோ இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். செலவான தேதி, ஆர்டர் எண் கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பின்னை நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தால், பணம் திரும்புவது கடினம்.