விழுந்தது எந்த சுவிட்ச்?

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள். காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "டேய் தம்பி, கரண்ட் நிக்கவே மாட்டேங்குது. தூக்கிவிட்டா உடனே விழுந்துடுது. பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பணும்" என்றாள்.

"எது விழுதுன்னு பாத்துச் சொல்லுக்கா. சின்னதா, பெரிசா?" என்று கேட்டேன்.

டிரிப் ஆகும் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டி.பி. பெட்டியைத் திறந்தால் வரிசையாக ஒல்லியான சுவிட்சுகள் இருக்கும். அவை எம்.சி.பி. ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். அவற்றோடு சற்று அகலமாக, 'T' என்று எழுதிய சிறு பட்டனுடன் ஒன்று இருந்தால் அது ஆர்.சி.சி.பி. இந்த இரண்டும் கவனிப்பது வேறு வேறு ஆபத்துகளை. அதனால் எது விழுந்தது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒல்லியான எம்.சி.பி. மட்டும் விழுந்தால், அந்த ஒயரில் தாங்க முடியாத அளவு கரண்ட் ஓடியிருக்கிறது என்று பொருள். அதிலும் இரண்டு வகை உண்டு. தூக்கிய அதே நொடியில் 'டப்' என்று விழுந்தால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். சிறிது நேரம் ஓடிவிட்டு விழுந்தால் லோடு அதிகம். ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500 வாட், மைக்ரோவேவ் 1200 வாட். மூன்றும் சேர்ந்து ஓடினால் 4700 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியருக்குச் சற்று மேலே வரும். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அது உடனே விழாது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்த பிறகுதான் விழும். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். "இவ்வளவு நேரம் நல்லாத்தானே ஓடிச்சு" என்று குழம்புவது இதனால்தான். இதற்கு வைத்தியம், மூன்றில் ஒன்றை நிறுத்துவது. 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவது வைத்தியம் ஆகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதேதான், எம்.சி.பி. விழாமல் இருக்கும், ஒயர் சூடாகி உருகும்.

அக்கா வீட்டில் விழுந்தது அகலமானது. லோடு எவ்வளவு என்பது ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கே இல்லை. பேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் ஒயரில் திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும். குறைந்தால், மீதி வேறு வழியாக எர்த்துக்குப் போகிறது என்று பொருள். ஈரச் சுவர் வழியாகப் போகலாம், கிரைண்டரின் உடம்பு வழியாகப் போகலாம், அதைத் தொட்ட மனிதர் வழியாகவும் போகலாம். வீட்டுக்கு வைப்பதில் 30 mA என்று அச்சிட்டிருக்கும். ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு கசிந்தாலே அது விழுந்தாக வேண்டும். அதில் பாதியைத் தாண்டினாலே விழவும் செய்யலாம். ஆகவே அது விழுந்தால் தொல்லை என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. எங்கோ லீக்கேஜ் இருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

தேடும் முறையை அக்காவுக்குப் போனிலேயே சொன்னேன். கையைத் துடைத்து, ரப்பர் செருப்புப் போட்டு, காய்ந்த தரையில் நிற்க வேண்டும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்க வேண்டும். சில வகைகளில், விழுந்ததை முழுக்கக் கீழே அழுத்திவிட்டுத் தூக்கினால்தான் நிற்கும். நின்றது. "இப்ப ஒவ்வொண்ணா தூக்கு. ஒண்ணு தூக்கினதும் பத்து வரைக்கும் எண்ணு" என்றேன். ஹால் நின்றது, படுக்கையறை நின்றது, சமையலறையும் நின்றது. பாத்ரூம் லைனைத் தூக்கியதும் அகலமானது விழுந்தது.

அந்த லைனில் இருந்தது வாட்டர் ஹீட்டர். பிளக்கைக் கழற்றச் சொன்னேன். "சுவிட்சை அணைச்சாப் போதாதா?" என்று கேட்டாள். போதாது. நம் வீட்டு சுவிட்சுகள் பெரும்பாலும் பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். கருவிக்குள் நியூட்ரல் பக்கம் எர்த்தைத் தொட்டிருந்தால், சுவிட்சை அணைத்தாலும், அந்த லைனின் எம்.சி.பி.யையே இறக்கினாலும் ஆர்.சி.சி.பி. விழக்கூடும். வேறு அறையில் மின்விசிறி போட்டவுடன் விழுந்து, குற்றத்தை மின்விசிறி மேல் போட வைக்கும். அதனால், எந்த லைன் என்று பிடிபடாமல் ஆட்டம் காட்டினால், வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதே சரி.

பிளக்கைக் கழற்றியதும் எல்லாம் நின்றன. பிள்ளைகள் அடுப்பில் வைத்த வெந்நீரில் குளித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஏன் ஹீட்டர், ஏன் அன்றைக்கு? பங்குனியில் நிறுத்திய ஹீட்டரை மழை வந்த பிறகுதான் அக்கா போட்டிருந்தாள். ஹீட்டர் காயிலின் உலோகக் குழாய்க்குள், நடுவிலுள்ள கம்பியைச் சுற்றி வெள்ளைத் தூள் ஒன்று அடைத்திருக்கும். கரண்ட் குழாய்க்குத் தாவாமல் தடுப்பது அதுதான். அது ஈரத்தை உறிஞ்சும் தூள். உப்புத் தண்ணீர் குழாயை அரித்திருந்தாலோ, முனையின் அடைப்பு விட்டிருந்தாலோ, சும்மா கிடக்கும் மாதங்களில் ஈரம் உள்ளே இறங்கிவிடும். மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தால், நெடுநாள் கழித்துப் போட்ட ஹீட்டரையும், தண்ணீர் படும் மோட்டாரையும், வெளிச்சுவர் விளக்கையும் முதலில் சந்தேகிக்கலாம்.

நாம் பார்க்கக்கூடியது இவ்வளவுதான். எல்லா பிளக்கையும் கழற்றிய பிறகும் விழுந்தால், கோளாறு சுவருக்குள் இருக்கும் ஒயரில் இருக்கலாம். சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். நிலையாகப் பொருத்திய விளக்கிலோ மோட்டாரிலோ இருக்கலாம். இன்வெர்ட்டர் வைத்தபோது ஒரு லைனின் நியூட்ரலை இன்னொன்றோடு மாற்றிக் கொடுத்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. நிற்காது. இவையெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. டி.பி. பெட்டியின் உள்மூடியை நாம் கழற்றக் கூடாது. கருகல் வாடை வந்தாலும், எம்.சி.பி. தொட்டால் சுட்டாலும், குழாயையோ சுவரையோ தொட்டு ஷாக் அடித்திருந்தாலும், எதையும் மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மாலையில் எலக்ட்ரீஷியன் வந்தபோது அக்கா ஒரே வரியில் சொன்னாள்: "அகலமானதுதான் விழுது, பாத்ரூம் லைன்ல, ஹீட்டர் பிளக்கைக் கழட்டினா நிக்குது." அவர் வேறெதையும் பிரிக்கவில்லை. ஹீட்டரில் மெகர் வைத்துப் பார்த்தார், காயில் போயிருந்தது, மாற்றினார். போகும்முன் ஆர்.சி.சி.பி.யின் 'T' பட்டனை அழுத்திக் காட்டினார். அது உடனே விழுந்தது. மாதம் ஒருமுறை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டும், விழாவிட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார். அக்கா காலண்டரில் ஒவ்வொரு முதல் தேதியிலும் ஒரு 'T' எழுதி வைத்திருக்கிறாள்.