நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வீணையா?

பள்ளியில் ஒரு வகுப்பறை காலியாகிறது. அதை இசை அறையாக வைத்துக்கொள்ளலாம் என்று முதல்வர் சொல்லிவிடுகிறார். கருவிகளுக்குப் பணம் வேண்டும்; எழுதிக் கொடுங்கள் என்கிறார். இசை ஆசிரியை எழுதும் கடிதம் பெரும்பாலும் இசையின் பெருமையில் தொடங்கும். பிறகு ஒரு பட்டியல்: வீணை ஒன்று, வயலின் இரண்டு, மிருதங்கம் ஒன்று, கீபோர்டு ஒன்று. அடியில் மொத்தத் தொகை, கையெழுத்து.

இந்தக் கடிதம் கோப்பிலேயே தூங்கிப் போவதற்கு முதல்வரைக் குறை சொல்ல முடியாது. தனியார் பள்ளியில் பணத்துக்குச் சம்மதம் சொல்பவர் தாளாளர். முதல்வர் அதை அவர் மேசைக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே வரும் கேள்விகள் வேறு. எத்தனை பிள்ளைகள் வாசிப்பார்கள்? பழுதானால் யார் பார்ப்பது? டீச்சர் வேலையை விட்டுப் போனால் இவை என்ன ஆகும்? முதல்வர் பக்கத்தில் நின்று விளக்காமலே இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற கடிதம்தான் வேலைக்கு ஆகும்.

முதல் கேள்வியிலேயே பழைய பட்டியல் விழுந்துவிடுகிறது. வகுப்பில் 40 பேர், பாடவேளை 40 நிமிடம், வீணை ஒன்று. ஆளுக்கு ஒரு நிமிடம் வருகிறது. மற்ற 39 நிமிடம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். வீணைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிந்திருப்பவை. வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுரம் பிசகும். மறுபடி மேளம் கட்டத் தேர்ந்த கைவினைஞர் வர வேண்டும். வீட்டில் தினமும் சாதகம் செய்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையில் அது பெரிய விஷயம்.

பள்ளி வகுப்புக்குப் பொருந்தும் பட்டியல் ஒரே நேரத்தில் எல்லாக் கைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர், ஆக 160 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பறை, பத்துக் கஞ்சிரா, பத்து ஜோடி ஜால்ரா இருந்தால் முப்பது பேர் வாசிக்கலாம்; பத்துப் பேர் சுருதியோடு பாடலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறினால் ஒரு பாடவேளைக்குள் எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டுவிடுவார்கள். இவற்றோடு இரண்டு மின்னணு சுருதிப் பெட்டி, ஒரு ஹார்மோனியம், ஆர்வம் காட்டும் பிள்ளைகளுக்காக இரண்டு மிருதங்கம். புல்லாங்குழல் இதில் இல்லை. வாயில் வைத்து ஊதும் கருவியைப் பிரிவுக்குப் பிரிவு மாற்றிக் கொடுக்க முடியாது. விரும்பும் பிள்ளை சொந்தமாக வாங்கிக்கொள்வதே நல்லது.

கருவியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது என்பதைப் பலர் பொருட்கள் வந்து இறங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அந்தச் சுருதிக்கு ஏறத்தாழ 22 அங்குல நீளமுள்ள சிறிய மிருதங்கம் வேண்டும். கடையில் கிடைத்த 24 அங்குல மிருதங்கம் தாழ்ந்த சுருதிக்கு உரியது. வாரை இழுத்துச் சுருதியை ஓரளவுதான் ஏற்ற முடியும். அதற்கு மேல் இழுத்தால் வலந்தலை கிழியும். ஆகவே பட்டியலில் ‘மிருதங்கம், 22 அங்குலம், 5 கட்டைக்கு’ என்று எழுத வேண்டும்.

கஞ்சிராவில் இருப்பது சட்டச் சிக்கல். பழைய நாளில் அதற்கு உடும்புத் தோலைத்தான் கட்டுவார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் அப்படி ஒரு பொருள் ஏறவே கூடாது. ‘ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல்’ என்று விலைப்புள்ளியிலேயே கடைக்காரர் எழுதித் தர வேண்டும். பறைக்கும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். தோல் பறையை வாசிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுவார்கள். மழைக்காலத்தில் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். வகுப்பறையில் அதற்கு வழியில்லை என்பதால் செயற்கைத் தோல் பறையைக் கேட்பதே சரி. தோல் பறையின் நாதம் அதில் வராது, உண்மைதான். ஆனால் நவம்பர் மாதத்திலும் அது பேசும்.

இனி பணம். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, கட்டுப்படியாகும் பட்டியலின் மொத்தம் 1,20,000 ரூபாய் என்று வந்ததாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 160 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 750 ரூபாய். கருவிகள் ஐந்து ஆண்டு உழைத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 150. தாளாளரின் கண் நிற்கும் இடம் இதுதான். ஆகவே இந்த எண் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது வரியையும் பார்க்க வேண்டும். கையால் செய்யப்படும் நம் பாரம்பரியக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மின்னணுக் கருவிகளுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து வரி போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பெரும்பாலான கடிதங்களில் விடுபடுவது பராமரிப்பு. மிருதங்கத்தின் வலந்தலை வாசிக்க வாசிக்கத் தேயும், மாற்றியாக வேண்டும். ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடிக்கும். ரீடில் தூசு அடைந்தால் ஒரு சுரம் ஊமையாகிவிடும். இதற்கு ஆண்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 12,000 ரூபாய், தனியாகக் கேட்க வேண்டும். இப்போது கேட்கக் கூச்சப்பட்டால் இரண்டாம் ஆண்டில் கிழிந்த மிருதங்கம் அலமாரி மேல் ஏறும். அடுத்த முறை பணம் கேட்கும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். புதிய இசை அறைக்குக் கருவிகள் வாங்க 1,20,000 ரூபாயும், ஆண்டுப் பராமரிப்புக்கு 12,000 ரூபாயும் அனுமதிக்க வேண்டுகிறேன். ஆறாம், ஏழாம் வகுப்புகளின் 160 மாணவர்கள் வாரம் ஒரு பாடவேளை இவற்றைப் பயன்படுத்துவார்கள். கருவிகள் பூட்டுள்ள இரும்பு அலமாரியில் இருக்கும். பதிவேட்டை நான் பராமரிப்பேன். நான் இல்லாத நாளிலும் பறை, கஞ்சிரா, ஜால்ரா வகுப்பை நடத்த ஏதுவாக, பாடக் குறிப்பேடு ஒன்றை அறையிலேயே வைக்கிறேன்.”

பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்குமே என்ற கவலைக்கும் ஒரு வரி தேவை. பறை வகுப்புகளைக் கடைசிப் பாடவேளையில் வைப்பதாகவும், தேர்வு நாட்களில் பாட்டு மட்டும் நடத்துவதாகவும் எழுதிக் கொடுத்தால் மற்ற ஆசிரியர்களின் எதிர்ப்பு முன்பே அடங்கும். கடிதம் போகவேண்டிய காலம் பிப்ரவரி, மார்ச். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கொடுத்தால் அந்த ஆண்டுக்கான பணம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

அரசுப் பள்ளியில் பாதை வேறு. அங்கே கடிதம் தலைமை ஆசிரியருக்குப் போகும்; பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக வைக்கலாம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் உதவி கேட்க வழி இருக்கிறது. பட்டியலும் கணக்கும் அதேதான்.

முழுத் தொகை கிடைக்காமல் பாதிதான் வந்தால் எதை விடுவது என்பதையும் ஆசிரியையே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஒவ்வொரு வரியையும் பாதியாக்கி, ஐந்து பறையும் ஒரு மிருதங்கமும் என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு பாதி வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். முதலில் ஹார்மோனியம், அடுத்து மிருதங்கங்கள், பிறகு இரண்டாவது சுருதிப் பெட்டி. பறை, கஞ்சிரா, ஜால்ரா மூன்றின் எண்ணிக்கையில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதிவிட்டு, விலைப்புள்ளிகளை இணைத்துக் கொடுக்கலாம்.