கல்யாண வீடியோவில் நலங்கைக் காணோம்!

தை மாதம் கல்யாணம். அறுபது நாளில் வீடியோ தருவதாகப் பேச்சு. ஆடி பிறந்த பிறகுதான் பென்டிரைவ் கைக்கு வருகிறது. டி.வி.யில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது, ரிசப்ஷன் பாட்டும் கூத்துமாக ஓடுகிறது. பெண்ணுக்கு வைத்த நலங்கு இல்லை. தாய்மாமன் மாலை போட்டதும் இல்லை. திண்டுக்கல்லில் இப்படி ஒரு பெண் வீட்டார், மதுரையில் உள்ள ஸ்டுடியோவுக்குப் புகார்க் கடிதம் எழுத உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கோபத்தில் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் வீண். “எங்கள் மானமே போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு” என்று எழுதினால், “சாரி சார், பார்க்கிறோம்” என்ற பதிலோடு இன்னும் ஒரு மாதம் ஓடிவிடும். அந்த ஒரு மாதம்தான் ஆபத்து. வேலை முடிந்த கல்யாணத்தின் அசல் பதிவுகளை அழித்துவிட்டு, அதே ஹார்டு டிஸ்கில் அடுத்த கல்யாணத்தை ஏற்றுவது ஸ்டுடியோக்களில் சகஜம். அழித்த கோப்பைக்கூட மென்பொருளால் மீட்க வழி இருக்கிறது. அதன்மேல் புதிய பதிவு ஏறிவிட்டால் கிட்டத்தட்ட கதை முடிந்தது.

எனவே கடிதத்தின் முதல் பத்தியில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். “எங்கள் கல்யாணத்தின் எடிட் செய்யாத அசல் பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம், எல்லா கேமராவின் பதிவுகளையும் அப்படியே ஒரு ஹார்டு டிஸ்கில் தாருங்கள், டிஸ்க் நாங்கள் கொடுக்கிறோம்” என்பதுதான் முதலில் வர வேண்டும். அசல் பதிவு தருவதாக ஒப்பந்தத்தில் இல்லையே என்று ஸ்டுடியோ மறுக்கலாம். விடுபட்ட காட்சியைத் தேடத்தான் கேட்கிறோம் என்று காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், அந்த மறுப்பு அவ்வளவாக எடுபடாது.

அடுத்தது, காணாமல் போனது எப்படிப் போனது என்ற கேள்வி. காட்சியை எடுக்கவே இல்லையா, எடுத்தது கார்டிலோ டிஸ்கிலோ தொலைந்ததா, அல்லது எடிட்டர் விட்டுவிட்டாரா? எடிட்டர் விட்டிருந்தால் ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம். தொலைந்திருந்தால் மீட்க முயலலாம். எடுக்கவே இல்லை என்றால் பணம்தான் பேச்சு. இது தெரியாமல் “சரிசெய்து தாருங்கள்” என்று எழுதி என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க ஸ்டுடியோவின் தயவு முழுக்கத் தேவையில்லை. நலங்கு நடந்தபோது சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்த படங்களைத் திரட்டுங்கள். சித்தி எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் வீடியோகிராஃபர் கேமராவோடு நிற்பது தெரிந்தால், காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது. அந்தப் படத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். அசல் பதிவு கைக்கு வந்தால் கோப்புகளின் பெயரைப் பாருங்கள். பல கேமராக்கள் C0041.MP4, C0042.MP4 என்று வரிசையாக எண் போடும். 42க்குப் பிறகு நேராக 58 வந்தால், நடுவில் இருந்தவை எங்கே என்று கேட்கலாம். சரியாக வராத துண்டுகளை அவர்களே அழித்திருக்கவும் கூடும்; ஆனால் நலங்கு நேரத்தில் மட்டும் பதினைந்து எண்கள் குறைந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

பிறகு கணக்கு. பேசிய தொகை 1,20,000 ரூபாய், கொடுத்தது 90,000, பாக்கி 30,000 என்று தேதியோடு எழுதுங்கள். பாக்கியைத் தர மாட்டோம் என்று மிரட்டுவதைவிட, விடுபட்டவை வந்ததும் தருகிறோம் என்பது பலமான நிலை. நம் பக்கத் தாமதத்தையும் மறைக்க வேண்டாம். ஆல்பத்துக்குப் போட்டோ தேர்ந்தெடுத்துக் கொடுக்க நாமே ஒரு மாதம் இழுத்திருந்தால் ஸ்டுடியோக்காரர் முதலில் நீட்டப்போவது அதைத்தான். “போட்டோ பட்டியல் மாசியில் தந்தோம், அதைக் கழித்தாலும் மூன்று மாதம் தாமதம்” என்று நாமே சொல்லிவிடலாம்.

“அடுத்த வாரம் தந்துடுறோம் அண்ணே” என்று போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. போனை வைத்ததும், “இன்று பேசியபடி வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னீர்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். கடிதத்தில் பதினைந்து நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஸ்டுடியோ மதுரையில் இருந்தாலும் இந்தக் குடும்பம் திண்டுக்கல்லிலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.