தீக்குச்சிகளின் கொடுக்கல் வாங்கல்

6 + 4 = 4 என்று தீக்குச்சிகளால் எழுதிய படம் ஒன்று ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரே ஒரு குச்சியை நகர்த்திக் கணக்கைச் சரியாக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் விடை போடுவார். அடுத்தவர் வேறொரு விடை போட்டு, "இதுதான் சரி" என்பார். இரண்டுமே சரியாக இருக்கும். இனி வேறு விடை இல்லை என்பது எப்படித் தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் புதிரில் சுவையான கேள்வி அதுதான். குச்சிகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பதில் கிடைக்காது. எந்த இலக்கம் எதுவாக மாற முடியும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் கிடைக்கும்.

கால்குலேட்டரில் தெரியும் இலக்கங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று எனப் படுத்த குச்சிகள் மூன்று. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நின்ற குச்சிகள் நான்கு. ஆக ஏழு இடங்கள். ஏழும் நிரம்பினால் 8. நடுக்குச்சி இல்லாவிட்டால் 0. வலப்பக்க இரண்டு மட்டும் என்றால் 1. அதன் தலையில் ஒன்று வைத்தால் 7. 4க்கு நான்கு குச்சி, 2, 3, 5 ஆகியவற்றுக்கு ஐந்து, 0, 6, 9 ஆகியவற்றுக்கு ஆறு.

ஒரு குச்சியை நகர்த்துவது என்றால் நடக்கக்கூடியது இரண்டே வகை. ஒன்று, குச்சி அதே இலக்கத்துக்குள் இடம் மாறுகிறது. அல்லது, ஓர் இலக்கம் குச்சியைக் கொடுக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. கொடுப்பவர் இல்லாமல் வாங்க முடியாது. வாங்க ஆளில்லாமல் கொடுக்கவும் முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் புதிர் பாதி உடைந்துவிடும்.

தனக்குள்ளேயே மாறக்கூடிய சோடிகள் ஐந்து: 2–3, 3–5, 0–6, 0–9, 6–9. உதாரணமாக, 2இன் இடது கீழ்க் குச்சியை வலது கீழே வைத்தால் 3. 6இன் நடுக்குச்சியை எடுத்து வலது மேலே வைத்தால் 0. 2க்கும் 5க்கும் குச்சி எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் இரண்டு குச்சிகள் மாற வேண்டியிருப்பதால் அந்தச் சோடி சேராது.

ஒரு குச்சி வாங்கி மாறக்கூடியவை ஏழு:

0→8, 1→7, 3→9, 5→6, 5→9, 6→8, 9→8

கொடுத்து மாறுவதற்குத் தனிப் பட்டியல் வேண்டாம். இதையே திருப்பி வாசித்தால் போதும். 8 கொடுத்தால் 0, 6, 9 என்று மூன்றில் ஒன்றாகலாம். 9 கொடுத்தால் 3 அல்லது 5 ஆகும். 8இல் இடமே மிச்சமில்லை என்பதால் அது வாங்காது. இந்தப் பட்டியலில் 4 எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது கொடுக்காது, வாங்காது, தனக்குள்ளும் மாறாது. புதிரில் 4ஐக் கண்டால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம். 2உம் ஏறக்குறைய அப்படித்தான், 3 ஆவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

குறிகளுக்கும் இதே கொடுக்கல் வாங்கல் உண்டு. கூட்டல் குறி தன் செங்குத்துக் குச்சியைக் கொடுத்தால் கழித்தல் ஆகும். கழித்தல் ஒரு குச்சி வாங்கினால் கூட்டலும் ஆகலாம், சமன் குறியும் ஆகலாம். சமன் குறி ஒன்றைக் கொடுத்தால் கழித்தல். கூட்டலின் செங்குத்துக் குச்சியைப் படுக்க வைத்தால் அதுவே சமன் குறி.

இப்போது 6 + 4 = 4. இரண்டு 4களும் அசையாதவை. மிஞ்சுவது 6, கூட்டல், சமன். முதலில் தனக்குள் மாறுவது: 6ஐ 0 ஆக்கினால் 0 + 4 = 4, சரி. 9 ஆக்கினால் 9 + 4, பொருந்தவில்லை. அடுத்து கொடுக்கல் வாங்கல்: இங்கே வாங்கக்கூடியது 6 மட்டும்தான், வாங்கினால் 8. கொடுக்கக் கூட்டல் குறி இருக்கிறது. 8 − 4 = 4, இதுவும் சரி. சமன் குறியிடம் வாங்கினால் சமன்பாடே போய்விடும். 6 ஒரு குச்சி கொடுத்து 5 ஆகலாம், ஆனால் அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஆக விடை இரண்டு, மூன்றாவது கிடையாது.

"5 + 4 = 9 என்றும் வருமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்தப் புதிருக்கு அந்த மூன்றாவது விடையைச் சேர்த்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களும் தப்பாகச் சொல்லவில்லை. அவர்களுடைய 9க்குக் கீழ்க்குச்சி கிடையாது; ஐந்தே குச்சியில் எழுதிய 9 அது. அப்படி எழுதினால் 4இன் தலையில் ஒரு குச்சி வைத்ததும் 9 ஆகிவிடும். 6 கொடுக்கிறது, கடைசி 4 வாங்குகிறது, கணக்கு நேராகிறது. ஆனால் அந்த ஒரு கீழ்க்குச்சி போனதும் 9இன் உறவுகள் எல்லாமே மாறிப்போகும். முன்பு 3 ஒரு குச்சி வாங்கி 9 ஆனது. இப்போது தன் கீழ்க்குச்சியை இடது மேலே தூக்கி வைத்தாலே 9. 6–9, 0–9 சோடிகள் இல்லாமல் போகும். 8இலிருந்து ஒரு குச்சி எடுத்து 9 ஆக்கவும் முடியாது. ஆகவே குச்சிகளைத் தொடுவதற்கு முன்னால் புதிர்க்காரருடைய 9 எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 6இன் மேல்குச்சியும், 7இன் இடது மேலே சிலர் வைக்கும் சின்ன வளைவும் இதே சிக்கலைத் தரும். புதிரில் அந்த இலக்கம் இல்லாவிட்டால் முதலிலேயே கேட்டுவிடுவதுதான் நல்லது.

பட்டியலின் அருமை தெரிய இன்னொரு புதிர்: 9 − 5 = 8. பெரும்பாலோர் 3 + 5 = 8ஐ உடனே கண்டுவிடுவார்கள். 9இன் இடது மேல்குச்சியை எடுத்துக் கழித்தலின் மேல் நிறுத்தினால் வேலை முடிந்தது. அத்தோடு நிறுத்தாமல், கொடுப்பவர்களை ஒவ்வொருவராக அழைப்போம்.

முதலில் தனக்குள் மாறுபவை: 9 மாறினால் 0 அல்லது 6, 5 மாறினால் 3. எதிலும் 8 வரவில்லை. அடுத்து 9 கொடுத்தால் அது 3 அல்லது 5 ஆகும். கழித்தல் குறி வாங்கிக் கூட்டலானால் 3 + 5 = 8 கிடைக்கிறது; 5 + 5 கிடைக்கவில்லை. 5 வாங்கினால் 6 அல்லது 9 ஆகி, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க வேண்டி வரும், உதவாது. அடுத்து 8 கொடுக்கட்டும். வலப்பக்கம் 0, 6, 9 என்றாகும். வாங்குவது கழித்தல் குறி என்றால் இடப்பக்கம் 14, ஆகாது. 9 வாங்கி 8 ஆனால் 8 − 5, அதாவது 3; அந்த மூன்றில் அது இல்லை. 5 வாங்கி 6 ஆனாலும் 9 − 6 = 3, அதே கதை. 5 வாங்கி 9 ஆனால்? 9 − 9 = 0. 8இன் நடுக்குச்சி 5இன் வலது மேலே போய் நிற்கிறது, கணக்கு முடிந்தது. மிச்சம் சமன் குறி. அது கழித்தல் குறிக்குக் கொடுத்தால் 9 = 5 − 8 வரும், தவறு. கழித்தல் குச்சியையே தூக்கினால் 9உம் 5உம் ஒட்டி 95 ஆகிவிடும், அது எதற்கும் சமமாகாது. 9இன் முன்னாலோ 8இன் முன்னாலோ கழித்தல் குறியாக ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தாலும் பலனில்லை. ஆகவே இரண்டே விடைகள்.

இரண்டாவது விடை ஏன் சட்டென்று கண்ணில் படுவதில்லை? அதில் இரண்டு இலக்கங்கள் ஒரே சமயத்தில் மாறுகின்றன. அதோடு வலப்பக்கத்து விடையே மாறிவிடுகிறது. நாம் சமன் குறிக்கு வலப்பக்கம் இருப்பதை இலக்காக வைத்துக்கொண்டு இடப்பக்கத்தையே நோண்டுகிறோம்.

குறிகளைப் பற்றிய குருட்டுத்தன்மை இதைவிட மோசம். குந்தர் நோப்லிச், ஸ்டெல்லன் ஓல்சன் முதலிய உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில் ரோமன் எண்களாலான தீக்குச்சிக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணை மாற்றித் தீர்க்கும் கணக்குகள் சுலபமாக வந்தன. குறியை மாற்ற வேண்டியவை தடுமாற வைத்தன. எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்த வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு III = III + III. கூட்டலின் நின்ற குச்சியைப் படுக்க வைத்தால் III = III = III. பார்த்த பிறகு சிரிப்புத்தான் வரும். பள்ளியில் எண்கள்தான் மாறும், குறிகள் நின்ற இடத்தில் நிற்கும். அந்தப் பழக்கம் கையைக் கட்டிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். இத்தாலிய ஆய்வாளர் கார்லோ ரெவர்பெரியும் குழுவினரும் 2005இல் இதே கணக்குகளை மூளையின் முன்பகுதிப் பக்கவாட்டில் சேதம் ஏற்பட்டிருந்த நோயாளிகளிடம் கொடுத்தார்கள். மிகக் கடினமான அந்த வகையை நோயாளிகளில் 82 சதவீதம் பேரும், உடல்நலத்தோடு இருந்தவர்களில் 43 சதவீதம் பேரும் தீர்த்தார்கள். எங்கே தேடலாம், எங்கே தேட வேண்டாம் என்று முன்கூட்டியே வேலி போடுகிற பகுதி அது என்றால், வேலி இல்லாதவர்கள் எளிதாகத் தாண்டியதில் ஆச்சரியமில்லை. நமக்குப் பட்டியல் அந்த வேலையைச் செய்கிறது: குறிகளையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டால் அவற்றைத் தாண்டிப் போக முடியாது.

2 − 6 = 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 மாறினால் 3 மட்டுமே. 6 தனக்குள் மாறினால் 0 அல்லது 9. எதிலும் 4 வராது. 6 கொடுத்து, கழித்தல் வாங்கினால் 2 + 5, அதுவும் இல்லை. இலக்கங்கள் தீர்ந்துவிட்டன, குறிகள் மட்டும் மிச்சம். சமன் ஒரு குச்சியைக் கொடுத்துக் கழித்தலாகிறது, கழித்தல் அதை வாங்கிச் சமனாகிறது. 2 = 6 − 4. எந்த எண்ணையும் தொடவில்லை, குறிகள் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

சில கணக்குகள் எப்படிப் பார்த்தாலும் தீராது. 4 + 7 = 4இல் கொடுக்க 7 இருக்கிறது, கூட்டல் இருக்கிறது, சமன் இருக்கிறது. வாங்கத்தான் ஆளில்லை, 4 வாங்காது, 7உம் வாங்காது. தனக்குள் மாறக்கூடியது கூட்டல் மட்டும், அது சமனானால் 4 = 7 = 4 என்று அபத்தமாகும். குச்சியை எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியாக வைத்தாலும் நேராகாது. இதற்கும் ஒருவர் விடை சொல்லுவார்: 7இன் தலைக் குச்சியை எடுத்துச் சமன் குறியின் குறுக்கே சாய்த்து வைத்து, 4 + 1 ≠ 4 என்பார். கணக்கு உண்மைதான். ஆனால் இதை அனுமதித்தால், எங்கிருந்தாவது ஒரு குச்சி உருவ முடிகிற எந்தப் புதிரையும் ஏறக்குறைய இதே போல் முடித்துவிடலாம். ஆகவே புதிர் போடுகிறவர், 9இன் கீழ்க்குச்சியோடு சேர்த்து, சமன் குறியைக் குறுக்கே வெட்டக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.