வரி அடங்கினால் போதும்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை அவருக்குப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார். ஏ4 தாளில் 380 பக்கம். மகன் வாங்கிக் கொடுத்த ஆறு அங்குல மின்னூல் கருவியில் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார்.

“தம்பி, இதுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெரிசு பண்ணினா வரி வெளியே ஓடுது. என்ன செய்யலாம்?”

சின்னத் திரையில் நீளமான பிடிஎஃப் படிக்க முயன்ற எல்லோருக்கும் இந்த இரண்டு தொல்லையும் தெரிந்திருக்கும். முழுப் பக்கமும் தெரிந்தால் எழுத்து தெரியாது. எழுத்து தெரிந்தால் பக்கம் தெரியாது. காரணம் கருவியில் இல்லை, கோப்பின் பிறப்பிலேயே இருக்கிறது. 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப் முறையை வெளியிட்டபோது, எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் ‘இந்த எழுத்து தாளில் இந்த இடத்தில்’ என்று ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறது. பத்தி, வாக்கியம் என்பதெல்லாம் பல கோப்புகளில் பதிவாகியே இருக்காது. வலைப்பக்கம் போல, திரைக்குத் தகுந்தபடி வரியை மடித்துக்கொள்ள அதற்குத் தெரியாது.

ஆசிரியரின் கோப்பைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறு அங்குலக் கருவியின் திரை அகலம் சுமார் 91 மில்லிமீட்டர். முழுப் பக்கத்தையும் உள்ளே அடைத்தால் எல்லாம் பாதிக்கும் கீழே சுருங்கும். 12 புள்ளி அளவில் அடித்த எழுத்து ஐந்து புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தோடு ஒப்பிடலாம்.

விரலால் விரித்துப் பெரிதாக்கினால் வேறு வம்பு. வரியின் பாதிதான் திரையில் நிற்கும். மீதியைப் படிக்கத் திரையை இடப்பக்கம் தள்ள வேண்டும். அடுத்த வரிக்குத் திரும்பவும் வலப்பக்கம் இழுக்க வேண்டும். பக்கத்துக்கு முப்பது வரி என்றால் அறுபது முறை இழுப்பு. ஏர் உழுகிற வேலை அது. நாலு பக்கத்துக்கு மேல் யாரும் தாங்கமாட்டார்கள்.

ஆகவே முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: திரையில் அடங்க வேண்டியது பக்கம் அல்ல, ஒரு வரி. வரியின் தொடக்கமும் முடிவும் ஒருசேரத் தெரிந்தால் போதும். பக்கம் மேலிருந்து கீழாக எத்தனை துண்டானாலும் கண்ணுக்குச் சிரமமில்லை.

இதற்கு முதல் வேலை, ஓரத்து வெள்ளையை வெட்டுவது. ஆய்வேட்டில் கட்டடம் செய்வதற்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், வலப்பக்கம் ஒரு அங்குலம் விட்டிருந்தார்கள். அதைக் கழித்தால் எழுத்து இருக்கும் அகலம் 147 மில்லிமீட்டர்தான். அந்த அகலத்தை மட்டும் திரையில் நிரப்பினால் எழுத்து ஏழரைப் புள்ளிக்கு ஏறுகிறது. கண் நல்லவர்களுக்கு இதுவே போதும். ஆசிரியருக்குப் போதாது.

இரண்டாவது வேலை, கருவியைப் படுக்கவைப்பது. பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் அகலம் 122 மில்லிமீட்டர் ஆகிறது. இப்போது எழுத்து பத்துப் புள்ளி. பல அச்சுப் புத்தகங்கள் இந்த அளவில்தான் வருகின்றன. ஒரு பக்கம் இரண்டேகால் திரையாக நீளும், அவ்வளவுதான். ஆறரை அங்குலக் கைப்பேசியையும் இதேபோல் படுக்கவைத்தால் அகலம் 150 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஆய்வேட்டின் எழுத்து தாளில் இருந்த அதே அளவில் தெரியும். ஆனால் திரையின் உயரம் 68 மில்லிமீட்டர்தான் என்பதால் பக்கம் நாலு துண்டாகும்.

இதைச் செய்ய நான் பயன்படுத்துவது ‘கோரீடர்’ என்ற இலவசச் செயலி. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் கோபோ, பாக்கெட்புக் போன்ற கருவிகளிலும் ஓடும். கிண்டிலில் ஏற்ற வேண்டுமானால் அதன் பூட்டை உடைக்க வேண்டும். அந்த வம்பு எல்லோருக்கும் வேண்டாம். கோப்பைத் திறந்து, கீழே வரும் பட்டியலில் ஓரம் வெட்டும் `Page Crop` என்ற இடத்தில் `auto` என்று வைத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று தானே பார்த்து வெட்டும். பக்கத்தின் துண்டுகளுக்கிடையே ஒரு வரியாவது திரும்ப வரும்படி வைத்துக்கொள்வது முக்கியம். மேல் திரையின் கடைசி வரி கீழ்த் திரையின் முதல் வரியாக வந்தால்தான் கண் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தானாக வெட்டுவது ஏமாறும் இடமும் உண்டு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் கறையோ முத்திரையோ இருந்தால், அதையும் எழுத்து என்று எண்ணிக்கொள்ளும். அந்தப் பக்கம் மட்டும் திடீரெனச் சிறிதாகத் தெரியும். பக்கம் திருப்பும்போது எழுத்து பெரிதும் சிறிதுமாகக் குதித்தால் இதுதான் காரணம். அப்போது கையால் கட்டம் போட்டு வெட்ட வேண்டும். கட்டடத்துக்காக விடும் ஓரம், இரு புறமும் அச்சான புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கத்தில் ஒரு புறமும் இரட்டைப்படைப் பக்கத்தில் மறு புறமும் வரும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். கணினியில் ‘பிரிஸ்’ என்ற இலவச மென்பொருள், ஒற்றைப் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிழல் போலக் காட்டும். இரட்டைப் பக்கங்களுக்கு இன்னொரு அடுக்கு. அந்த நிழலைச் சுற்றிக் கட்டம் போட்டால் எந்தப் பக்கத்திலும் எழுத்து வெட்டுப்படாது.

கிண்டில் வைத்திருப்பவர்கள் கோப்பையே தயார் செய்து ஏற்றிக்கொள்ளலாம். அதற்குக் கணினியில் `k2pdfopt` என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆய்வேட்டின் ஐந்து பக்கங்களை மட்டும் முதலில் இப்படிச் சோதித்தேன்:

```
k2pdfopt -mode fw -dev kpw -p 41-45 aaivedu.pdf
```

`fw` என்பது வரியின் அகலத்தைத் திரைக்குப் பொருத்து என்று பொருள். ஓரத்தை வெட்டி, படுத்த திரைக்கு ஏற்றபடி, வரிகளுக்கு நடுவே பக்கத்தைத் துண்டாக்கித் தரும். `kpw` என்பது கருவியின் பெயர்ச் சுருக்கம். முழுக் கோப்பையும் ஒரே அடியாகக் கொடுக்காமல், அடிக்குறிப்பும் அட்டவணையும் உள்ள ஐந்து பக்கங்களைச் சோதிப்பது நல்லது. கெடுவது அங்கேதான் முதலில் கெடும்.

இவ்வளவு எதற்கு, பிடிஎஃப்-ஐ எழுத்தாக மாற்றி வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் நடக்கும். தமிழில் அதை நம்பிப் போகுமுன் ஒரு சிறிய சோதனை உண்டு. கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லை விரலால் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டிப் பாருங்கள். ஆசிரியரின் கோப்பில் எனக்கு வந்தது `jkpo;` என்பதுதான். ஆய்வேட்டைப் ‘பாமினி’ எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்பிருந்த வழக்கம் அது: உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே வருவதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. எழுத்தாக மாற்றினால் போர்வை விலகி 380 பக்கமும் இப்படித்தான் வரும்.

யூனிகோடில் செய்த கோப்பிலும் சிக்கல் இருக்கலாம். ‘கொடி’ என்பதில் கொம்பு தனியே முன்னால் போய் நின்று, எழுத்து உடைந்து வருவதுண்டு. கோப்பு எழுத்துகளைத் தெரியும் வரிசையில் வைத்திருப்பதால் வரும் வினை. எதுவுமே நகலெடுக்க வராவிட்டால் அது படமாக ஸ்கேன் செய்த கோப்பு. மூன்றில் எதுவானாலும் எழுத்தை நம்பும் மாற்றங்கள் உதவாது.

அப்படியும் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமானால் கோரீடரில் `Reflow` என்ற வசதி இருக்கிறது. இது எழுத்தைப் படிப்பதில்லை. பக்கத்தைப் படமாகவே பார்த்து, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கத்தரித்து, சொல் சொல்லாக எடுத்துச் சிறிய வரிகளில் மறுபடி அடுக்குகிறது. அதற்குப் பாமினியும் ஒன்றுதான், ஸ்கேனும் ஒன்றுதான். உரைநடைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. விகுதியும் உருபும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லே அரை வரியை அடைத்துவிடும். ரொம்பப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல் நின்று, வலப்புறம் பொக்கையாகும். செய்யுளுக்கு இது ஆகவே ஆகாது. அடிகள் குலைந்து, எங்கே சீர் முடிந்தது, எங்கே அடி முடிந்தது என்றே தெரியாமல் போகும். அட்டவணையும் சிதறும். ஆய்வேட்டில் மேற்கோள் பாடல் வரும் இடங்களில் அதை நிறுத்திவிடச் சொன்னேன்.

எல்லாக் கோப்புக்கும் இத்தனை வைத்தியம் வேண்டியதில்லை. கிரௌன் அளவில் வந்த பழைய நாவல்களில் எழுத்து இருக்கும் அகலம் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர்தான். ஓரத்தை மட்டும் வெட்டினால், ஆறு அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தபடியே அச்சு அளவில் படித்துவிடலாம்.

ஆசிரியர் ஆய்வேட்டை முடித்துவிட்டு, அப்படி ஸ்கேன் செய்த பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை இறக்கிக்கொண்டார். இரண்டு நாளில் மறுபடி வந்தார், முகத்தில் கோபம்.

“அந்தக் காலத்துப் பதிப்பு, இவ்வளவு பிழையாவா போட்டிருப்பாங்க? ‘பககம’னு போட்டிருக்கான் பாருங்க. புள்ளியே இல்ல!”

வாங்கிப் பார்த்தேன். பழுப்பேறிய தாளின் நிறத்தைப் போக்குவதற்காகப் பின்னணியை வெளுக்கும் அமைப்பைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார். மை மங்கிய இடங்களில் மெய்யெழுத்தின் புள்ளிகளும் தாளின் அழுக்கோடு சேர்ந்து துடைபட்டுப் போயிருந்தன. இரண்டு படி கீழே இறக்கினேன். திரை கொஞ்சம் பழுப்பாயிற்று. ‘பக்கம்’ என்று புள்ளி வைத்து நின்றது.

“சரி, பாவம் அச்சுக்கோத்தவன்” என்று சொல்லிக் கருவியை வாங்கிக்கொண்டு போனார்.