டீ ஊற்றும் கையில் ஒளியும் வெட்டு

1903-இல் வெளியான 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' என்ற மௌனப் படத்தில் ஒரே பெண் இரண்டு முறை காப்பாற்றப்படுகிறாள். எரியும் வீட்டின் மாடி அறைக்குள் தீயணைப்பு வீரர் நுழைகிறார். மயங்கிக் கிடக்கும் தாயை ஜன்னல் வழியாக ஏணியில் இறக்குகிறார், திரும்பி வந்து குழந்தையையும் தூக்கிப் போகிறார். அடுத்த ஷாட்டில் கேமரா வீட்டுக்கு வெளியே நிற்கிறது. அங்கே ஏணி, தாய், குழந்தை என்று முழு மீட்பும் முதலிலிருந்து மறுபடி நடக்கிறது. இயக்குநர் எட்வின் எஸ். போர்ட்டர் உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் தனித்தனியாக முழுசாகக் காட்டிவிட்டார். பின்னாளில் யாரோ இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டிய ஒரு பிரதியைப் பார்த்து, போர்ட்டரே அப்படித்தான் எடிட் செய்தார் என்று வெகுகாலம் நம்பியவர்கள் உண்டு.

அதே 1903-இல் இங்கிலாந்தில் ஜி. ஏ. ஸ்மித் எடுத்த 'தி சிக் கிட்டன்' ஒரு நிமிடத்துச் சின்னப் படம். நோய்ப்பட்ட பூனைக்குட்டிக்குச் சிறுமி ஸ்பூனால் மருந்து கொடுக்கிறாள். முதலில் குழந்தைகள், பூனை, அறை எல்லாம் தெரிகின்றன. பிறகு பூனை முகமும் ஸ்பூனும் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. ஊட்டும் செயல் இரண்டு ஷாட்டிலும் ஒன்றாகவே ஓடுவதால், இடையில் படச்சுருள் வெட்டப்பட்டது உறுத்தவில்லை. இன்று எடிட்டிங் அறைகளில் 'ஆக்‌ஷன் கட்' என்று சொல்லப்படும் முறை இதுதான்: ஓர் அசைவு முதல் ஷாட்டில் தொடங்கி, அடுத்த ஷாட்டில் முடிகிறது.

வீட்டுக் கூடத்தில் ஓர் அம்மா விருந்தாளிக்கு டீ ஊற்றும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். படப்பிடிப்பில் அவர் கெட்டிலை எடுப்பது, சாய்ப்பது, ஊற்றுவது, கீழே வைப்பது எல்லாம் தூரத்திலிருந்து முழுமையாக எடுக்கப்படும். பிறகு கேமராவை டம்ளருக்கு அருகே கொண்டுபோய், அவரை முதலிலிருந்து மறுபடி செய்யச் சொல்வார்கள். ஊற்றுகிற நொடி மட்டும் போதுமென்று குளோசப்பைச் சிக்கனமாக எடுத்தால் எடிட்டருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். எந்த இடத்தில் வெட்டலாம் என்று தேட, ஒரே அசைவு இரண்டு ஷாட்டிலும் முழுதாக இருக்க வேண்டும்.

புதிதாக எடிட் செய்பவர்கள் பெரும்பாலும் கை நிற்கும் இடத்தில் வெட்டுவார்கள்: கெட்டில் டம்ளர்மேல் வந்து நின்றுவிட்டது, இனி குளோசப். அங்கே திரையில் எதுவும் அசையவில்லை என்பதால் மாறுவது படம் மட்டுமே. பார்ப்பவர் அதையே கவனிப்பார். தேர்ந்த எடிட்டர் கெட்டில் மேஜையைவிட்டுக் கிளம்பி மணிக்கட்டு சாயத் தொடங்கும்போதே வெட்டுவார். அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் ஷாட்டிலும் மீதி அடுத்ததிலும் வருவது பலரும் பின்பற்றும் பழக்கம். கண் பின்தொடரத் தொடங்க அந்த முதல் பங்கு போதும். புதிய ஷாட்டில் அது நிலைகொள்ளப் பெரிய பங்கு வேண்டும்.

இது பலிப்பதற்குக் காரணம் கண்ணிடமே இருக்கிறது. திரையில் எது நகர்கிறதோ கவனம் அதை நோக்கிப் போகும். கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கணத்தில் பார்வை மங்கியிருக்கும். அந்தத் தாவலின்போது நடக்கும் மாற்றம் எளிதில் பிடிபடாது. டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வெட்டுக்கும் பொத்தானை அழுத்தும்படி பார்வையாளர்களிடம் சொன்னார்கள். வெட்டைத் தேடுவதே வேலையாக இருந்தும், அசைவின் நடுவே வந்த வெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை அவர்கள் தவறவிட்டார்கள்.

இனி நுணுக்கமான பகுதி. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். தூர ஷாட்டில் கெட்டில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதே நிலையைக் குளோசப்பில் தேடி இரண்டையும் ஒட்டினால் சரியாக இருக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் சில சமயம் கை லேசாகத் தூக்கிப்போட்டது போல் தெரியும். புதிய படத்தில் கெட்டில் எங்கே என்று கண் கண்டுபிடிக்கவே ஐந்தில் ஒரு நொடி அளவு ஆகலாம்; அதற்குள் சில ஃபிரேம்கள் பார்க்கப்படாமலே ஓடிவிடுகின்றன. அதனால் எடிட்டர்கள் குளோசப்பை இரண்டு மூன்று ஃபிரேம் முன்னதாகவே தொடங்குவதுண்டு. கணக்குப்படி அசைவின் ஒரு துளி இருமுறை வருகிறது, பார்ப்பவருக்கோ அது ஒரே ஓட்டம். அளவு மீறினால் கை ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

வேகமும் ஏமாற்றும். தூரத்தில் நிதானமாகத் தெரிந்த கை, குளோசப்பில் திரையை ஒரே வீச்சில் கடந்துவிடும். இதற்காகவே அருகிலிருந்து எடுக்கும்போது நடிகரைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யச் சொல்வார்கள். ஆகவே இரண்டு ஃபிரேம்களையும் நிறுத்திவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடுவது தொடக்கம் மட்டுமே. நிறுத்திப் பார்க்கையில் பொருந்துவது ஓட்டத்தில் இடறலாம். விரல் பிடி சற்று மாறியிருந்தாலும் வேகம் ஒத்துப்போனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். முடிவு சொல்ல வேண்டியது இயல்பான வேகத்தில் ஓடும் படம்தான். சத்தத்தை அணைத்து ஒருமுறை ஓட்டினால் இடறல் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் டீ விழும் ஒலி வெட்டுக்கு மேலே அறுபடாமல் ஓடிப் பல குறைகளை மூடிவிடுகிறது.

மூட முடியாத குறைகளும் உண்டு. தூர ஷாட்டில் பாதி நிறைந்த டம்ளர் குளோசப்பில் காலியாக இருந்தால் எந்த அசைவும் காப்பாற்றாது. கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் டீயின் மட்டம், பிடித்த கை, கெட்டில் மூக்கு பார்த்த திசை என்று குறித்துவைப்பது இதற்குத்தான். இரண்டு ஷாட்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் இருந்தாலும் சிக்கல்: படம் மாறியதாகத் தோன்றாமல் குதித்ததாகத் தோன்றும். கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும் என்ற பழைய விதி இதைத் தவிர்ப்பதற்கானது.

கதவு இன்னும் பெரிய உபகாரம் செய்கிறது. தெருவில் நிற்பது நிஜ வீடு, உள்ளே தெரியும் அறை ஸ்டூடியோவில் போட்ட செட், இரண்டுக்கும் நடுவே பல நாள் இடைவெளி. வெளியே நடிகர் கதவைத் தள்ளுகிறார். கால்வாசி திறந்ததும் வெட்டினால், உள்ளே அதே கதவு அதே வேகத்தில் திறந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒரே வீடாகிவிடும். இதில் செட் போடுபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, வெளியிலிருந்து இடப்பக்கம் தெரியும் கீல் உள்ளேயிருந்து பார்த்தால் வலப்பக்கம் தெரிய வேண்டும். கேமரா கதவின் மறுபுறம் போய்விட்டதல்லவா.

இவ்வளவு கச்சிதமும் எப்போதும் முதலிடம் பெறுவதில்லை. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், நல்ல வெட்டுக்கு ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு. ஆட்களும் பொருள்களும் இடத்தில் சரியாகத் தொடர்வதற்குக் கடைசி இடம், வெறும் 4. அம்மாவின் முகத்தில் மிகச் சிறந்த பாவம் தெரியும் டேக்கில் டம்ளர் மட்டம் ஒரு விரல் குறைவாக இருந்தால், அந்த டேக்கைத் தூக்கியெறிவது தவறு. எடிட்டர் முகத்தை வைத்துக்கொண்டு, நடுவே விருந்தாளி பார்க்கும் ஷாட்டை ஒன்றரை நொடி செருகுவார். அந்த நேரத்தில் டம்ளர் நிறைந்துவிட்டதாகப் பார்ப்பவரே எடுத்துக்கொள்வார்.