வெயிலில் நிறுத்திய காரைக் குளிர்விக்க முதலில் ஜன்னல், பிறகே ஏ.சி. – காரணம் என்ன?

கோடை நண்பகலில் வெட்டவெளியில் நிறுத்திய காரில் ஏறியவுடன் கண்ணாடிகளை மூடி, ஏ.சி.யை முழு வேகத்தில் இயக்குவதே பலரின் வழக்கம். ஆனால், கார் தாமதமாகக் குளிர்வதற்கு இந்த வழக்கமே காரணமாகிறது.

கண்ணாடி வழியாக நுழையும் சூரிய ஒளி டேஷ்போர்டையும் இருக்கைகளையும் சூடாக்குகிறது. அவை வெளியிடும் வெப்பம் எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸையும், டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியிருந்தன.

டெல்லியில் மே மாதப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 42 டிகிரி, காருக்குள் 60 டிகிரி. இந்நிலையில் கண்ணாடிகளை மூடி, உள்காற்றையே மீண்டும் சுழற்றும் பொத்தானையும் அழுத்தினால், ஏ.சி. 60 டிகிரி காற்றைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அதே காற்றை வெளியேற்றிவிட்டால் வேலை 42 டிகிரியிலிருந்து தொடங்கும். அந்த 18 டிகிரியைக் குறைக்கக் கூடுதல் எரிபொருள் எதுவும் தேவையில்லை.

இடப்பக்க முன் ஜன்னலை இறக்கிவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவை ஐந்தாறு முறை திறந்து மூடினால் போதும். கதவு விசிறிபோல் இயங்கி உள்காற்றைத் தள்ளிவிடும். சுற்றியிருப்போர் வியப்புடன் பார்க்கக்கூடும் என்பதே இதிலுள்ள ஒரே சங்கடம்.

எனினும் காற்று மாறினாலும் இருக்கைகளின் சூடு உடனே தணியாது. புதிய காற்றையும் அவை சூடாக்கும். எனவே பின் ஜன்னல்களைத் திறந்தபடி, ஏ.சி.யை வெளிக்காற்று நிலையில் வைத்து, விசிறியை முழு வேகத்தில் இயக்கி, ஓரிரு நிமிடங்கள் காரை ஓட்ட வேண்டும். ஓடும்போது என்ஜின் வேகம் கூடுவதால் கம்ப்ரசரும் நன்கு இயங்கும். நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிடுவதில் இந்தப் பயன் குறைவு.

உள்காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்ததாக உணரும்போது ஜன்னல்களை மூடி, உள்சுழற்சிக்கு மாற்றலாம். அதன்பின்னும் வெளிக்காற்று நிலையிலேயே விட்டால், 42 டிகிரி காற்று இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். பல கார்களில் முந்தைய பயணத்தின் உள்சுழற்சி அமைப்பே மீண்டும் தொடர்வதால், புறப்படுமுன் அப்பொத்தானின் விளக்கைக் கவனிப்பது நல்லது.

குழந்தைகளுடன் செல்வோர், காற்றை வெளியேற்றிய பின்னரே அவர்களை உள்ளே அமர்த்த வேண்டும். அதற்கு முன் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். காற்று குளிர்ந்த பிறகும் அது தோலைச் சுடும் அளவு சூடாக இருக்கக்கூடும்.

மின்சார கார்களில் கம்ப்ரசர் மின்கலத்தால் இயங்குவதால், ஓட்டினால்தான் நன்கு குளிரும் என்ற நிலை இல்லை. ஆனால், சூடான காற்றை முதலில் வெளியேற்றுவது அவற்றிலும் மின்கலத்தின் சுமையைக் குறைக்கும்.